முத்திரை, மூலம், கனிமம்: குடிநீர் பாட்டில் சொல்வது என்ன?

சென்ற மாதம் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு நடந்தது. ஒருவருக்கொருவர் கலந்துகொள்ளாமல் உறவினர்கள் ஆளுக்கொரு கடையில் தண்ணீர் வாங்கி வந்துவிட்டனர். மேசையில் மூன்று வகை பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் 'கனிமங்கள் சேர்க்கப்பட்டது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மற்றொன்றில் பனி மூடிய மலையின் படம். மூன்றாவது, மற்றவற்றைப்போல மூன்று மடங்கு விலையுள்ள 'இயற்கைக் கனிம நீர்'. சமையலறை வாசலில் வழக்கமான இருபது லிட்டர் கேனும் நின்றது. "இதில் நான் எதைக் குடிக்கலாம், மாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

வாங்குபவரைவிட விற்பவருக்குப் பொருளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும்போது சந்தை எப்படிப் பழுதுபடுகிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைக் கொண்டு விளக்கினார். பழைய காரின் குறையாவது சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். குடிநீரின் குறையோ குடித்த பிறகும் தெரியாமல் போகலாம். நிறமில்லை, மணமில்லை, சுவையில் பெரிய வேறுபாடும் இல்லை. இத்தகைய பண்டத்தை வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் அதன் லேபிள்தான். ஆகவே அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை தேடி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு லேபிள்களையும் வரிவரியாகப் படித்தேன்.

முதலில் தரமுத்திரையை எடுத்துக்கொள்வோம். 2001 மார்ச் இறுதி முதல் நம் நாட்டில் அடைக்கப்பட்ட குடிநீரை ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி விற்கக்கூடாது என்ற விதி இருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழங்கும் அந்த முத்திரையுடன் இரண்டு எண்கள் வரும். மேலே இருப்பது தரநிர்ணயத்தின் எண். சாதாரண அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐ.எஸ். 14543, இயற்கைக் கனிம நீருக்கு ஐ.எஸ். 13428. கீழே சி.எம்./எல். என்று தொடங்குவது உரிம எண். மேலே உள்ள எண் இது எந்த வகைத் தண்ணீர் என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள எண் இதை அடைத்தது எந்த ஆலை என்பதைச் சொல்கிறது.

'ஆலை' என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த உரிமம் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயருக்குப் பொதுவாக வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட முகவரியில் உள்ள குறிப்பிட்ட ஆலைக்கு வழங்கப்படுகிறது. நாடறிந்த பெயர்களில் வரும் தண்ணீரைக்கூடப் பல ஊர்களில் ஒப்பந்த ஆலைகள் அடைத்துத் தருகின்றன. சென்னையில் வாங்கும் பாட்டிலும் புதுச்சேரியில் வாங்கும் பாட்டிலும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும் வெவ்வேறு நிலத்தடி நீரிலிருந்து, வெவ்வேறு இயந்திரங்களில், வெவ்வேறு பணியாளர்களின் கையில் உருவானவையாக இருக்கலாம். 'இது நல்ல பிராண்டா?' என்ற கேள்வியே பாதி தவறானது. 'இது எந்த ஆலை?' என்பதே சரியான கேள்வி. அதற்கான விடை பாட்டிலின் பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், முகவரியாகவும் உரிம எண்ணாகவும் இருக்கிறது.

அந்த எண் மெய்தானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் உரிம எண்ணை இட்டால், உரிமதாரரின் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் உள்ளதா என்ற விவரங்கள் திரையில் வரும். நான் முதலில் எங்கள் வீட்டுக் கேனின் எண்ணை இட்டுப் பார்த்தேன். உரிமம் காலாவதியாகிவிட்டது என்று வந்தது. மறுநாள் கேன் கொண்டுவந்த இளைஞரிடம் கேட்டேன். அவர் சற்றும் தயங்கவில்லை. "சார், கேன் சுத்திக்கிட்டே இருக்கும். எந்தக் கம்பெனி கேன் கைக்கு வருதோ அதுல ரொப்பித் தருவாங்க. கேன்ல இருக்கற பேரப் பாக்காதீங்க" என்றார். அதாவது நான் இரண்டு ஆண்டுகளாகப் படித்துப் பார்த்து மனநிறைவு கொண்டிருந்த லேபிள், அந்தத் தண்ணீருக்கு உரியதே அல்ல!

கேனைப் பொறுத்தவரை, உடலில் ஒட்டியிருக்கும் பழைய லேபிளைவிட மூடியும் அதன்மேல் சுருங்கிப் பொருந்திய உறையும்தான் முக்கியம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிதாக வருவது அது மட்டுமே. அதில் ஆலையின் பெயர், தொகுதி எண், அடைத்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். மூடியில் ஒரு பெயரும் கேனில் மற்றொரு பெயரும் இருந்தாலோ, அடைத்த நாளே இல்லாமல் வெற்று உறை மட்டும் இருந்தாலோ, உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் பொறுப்பேற்க யாருமில்லை என்று பொருள். நான் விற்பனையாளரை மாற்றியது இந்தக் காரணத்தால்தான்.

இந்த இடத்தில்தான் நடப்புச் செய்தி ஒன்று நம் வீட்டுக்குள் வருகிறது. 2024 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. சான்று கட்டாயம் என்ற விதியை நீக்கியது. ஒரே பொருளுக்கு இரண்டு அமைப்புகளிடம் உரிமம் பெற வேண்டிய சுமையைக் குறைப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அடுத்த மாதமே, அடைக்கப்பட்ட குடிநீர் 'அதிக இடர் உள்ள உணவுப்பொருள்' வகையில் சேர்க்கப்பட்டது. இதன்படி உரிமம் வழங்குவதற்கு முன் ஆய்வு, பின்னர் ஆண்டுதோறும் ஆய்வு, மத்திய உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களுக்கு வெளித் தணிக்கை ஆகியவை கட்டாயமாயின.

தொழில் நடத்துவோரின் சுமையைக் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. சிறு ஆலைக்கு இரட்டை உரிமச் செலவு பெரிது என்பதும் உண்மையே. ஆனால், இரண்டு குறியீடுகளும் ஒன்றையே சொல்வதாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பொருளுக்கான சான்று. அதைப் பெற ஆலையில் சோதனைக்கூடம் இருக்க வேண்டும். அமைவனத்தின் அலுவலர்கள் மாதிரி எடுத்துச் சோதிப்பர். லேபிளில் காணும் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணோ, அந்தத் தொழிலை நடத்துவதற்கான உரிமம். அந்த எண் பலகாரக் கடையிலும் இருக்கிறது. மளிகைப் பொட்டலத்திலும் இருக்கிறது. அது 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு தொழிலுக்கான வெறும் பதிவு. இந்த பாட்டிலில் உள்ள தண்ணீர் சோதனையில் தேறியது என்று அந்த எண் சொல்லவில்லை. முன்பு முத்திரையில்லாத பாட்டில் என்றால் சட்டவிரோதம் என்று எளிதாகச் சொல்ல முடிந்தது. இன்று முத்திரை உள்ளதும் இல்லாததும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் சட்டப்படியே நிற்கலாம். வேறுபடுத்தும் பொறுப்பு வாங்குபவரிடம் வந்துவிட்டது.

முத்திரை இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் வரலாறு எச்சரிக்கை தருகிறது. 2003 பிப்ரவரியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தில்லி, மும்பை பகுதிகளில் விற்ற குடிநீர் பாட்டில்களைச் சோதித்துப் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை வெளியிட்டது. அவற்றில் நாடறிந்த பெயர்களும் இருந்தன, முத்திரையும் இருந்தது. அப்போதைய விதி, பூச்சிக்கொல்லி 'கண்டறியத்தக்க அளவுக்குக் கீழ்' இருக்க வேண்டும் என்று மட்டுமே கூறியது. பரிந்துரைக்கப்பட்ட சோதனை முறைக்கோ நுண்ணிய அளவுகளைக் கண்டறியும் திறன் இல்லை. கண்ணில் படாததால் 'இல்லை' என்று எழுதினார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகு அரசு விதியைத் திருத்தியது. எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.0005 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற எண்ணளவிலான வரம்பு 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரை என்பது, விதி கேட்கும் கேள்விகளுக்கு ஆலை விடை சொல்லியிருக்கிறது என்பதற்கான சான்று. விதி கேட்காத கேள்விக்கு முத்திரையிடம் விடை இல்லை.

இரண்டாவது, மூலம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபமே, முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் எழுப்பப்பட்டதுதான். தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை ஒரு நகரம் வெள்ளைக் கல்லில் நினைவு வைத்திருக்கிறது. இன்று நம் மேசையில் இருக்கும் பாட்டிலில் அந்த விவரம் பெரும்பாலும் இல்லை.

இல்லாததற்குக் காரணம், சாதாரண அடைக்கப்பட்ட குடிநீருக்கு விதி அதைக் கேட்பதில்லை. ஐ.எஸ். 14543-இன்படி அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் வரலாம், ஆற்றிலிருந்தும் வரலாம், கடல்நீரைச் சுத்திகரித்தும் வரலாம். ஐ.எஸ். 13428-இன்கீழ் வரும் இயற்கைக் கனிம நீருக்கு மட்டுமே மூலத்தின் பெயரையும் இடத்தையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. அது நிலத்தடி மூலத்திலிருந்து நேராக எடுக்கப்பட்டு, அந்த மூலத்தின் அருகிலேயே அடைக்கப்பட வேண்டும். வடிகட்டுதல் போன்ற சில செயல்களைத் தவிர, அதன் இயல்பான கனிமக் கூட்டமைப்பை மாற்றும் எந்தச் சுத்திகரிப்பும் செய்யக் கூடாது. நாம் கடையில் பொதுவாக 'மினரல் வாட்டர்' என்று கேட்டு வாங்குவதில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தின் பார்வையில் மினரல் வாட்டரே அல்ல, சுத்திகரித்த குடிநீர்தான்.

அப்படியானால் மலைப் படம் போட்ட இரண்டாவது பாட்டில்? அதைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரையின் மேல் 14543 என்ற எண். ஆலையின் முகவரியோ எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள தொழிற்பேட்டை. பனிமலைக்கும் அந்த பாட்டிலுக்கும் உள்ள உறவு அச்சகத்தோடு முடிந்துவிட்டது. நீரின் இயல்பு, தோற்றம், கூட்டமைப்பு குறித்துக் குழப்பம் உண்டாக்கும் வாசகத்தையோ படத்தையோ லேபிளில் பயன்படுத்தக் கூடாது என்பதும், ஓர் ஊரின் பெயரை வணிகப் பெயரில் சேர்த்தால் தண்ணீர் அந்த ஊரிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதும் தரநிர்ணயத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியதைக் கேட்டுப் பெறுவோர்தான் குறைவு.

மூலத்தைச் சொல்லும் விலையுயர்ந்த பாட்டிலாவது முழு நம்பிக்கைக்கு உரியதா? நம் ஊரோடு பழைய உறவுள்ள பிரான்சிலிருந்தே இதற்கு விடை வந்திருக்கிறது. பெரியே, விட்டல் முதலிய புகழ்பெற்ற இயற்கைக் கனிம நீர்களை விற்கும் நெஸ்லே நிறுவனம், அந்த வகை நீருக்கு அனுமதிக்கப்படாத புற ஊதாக்கதிர், கரித்துகள் வடிகட்டி போன்ற முறைகளைப் பயன்படுத்தியதை 2024 ஜனவரியில் அந்நாட்டு ஊடகங்கள் வெளிக்கொணர்ந்தன. மூல நீரில் மாசு தென்பட்டதே அதற்குக் காரணம். அதே ஆண்டில் நிறுவனம் 20 லட்சம் யூரோ செலுத்தி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 2025-இல் பிரெஞ்சு மேலவையின் விசாரணைக் குழு, அரசு இதை அறிந்திருந்தும் மறைத்தது என்று கண்டித்தது. குடித்தவர்களுக்குத் தீங்கு நேர்ந்தது என்பதல்ல அங்கு எழுந்த முதன்மையான கேள்வி. சுத்திகரிக்காத நீர் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை வாங்கிவிட்டுச் சுத்திகரித்த நீரைக் கொடுத்தார்கள் என்பதுதான். பொருளியலின் மொழியில் சொன்னால், லேபிளில் இருந்த ஒரு சொல்லுக்கே அங்கே விலை.

மூன்றாவது, கனிமம். கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கால்சியம் தேவை என்பதால், 'கனிமங்கள் சேர்க்கப்பட்டது' என்ற பாட்டிலைத்தான் என் தங்கை முதலில் எடுத்து வைத்தாள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதன் லேபிளில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் என்றிருந்தது. நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 40 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயதுவந்தோருக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். ஆக, நாள் முழுதும் குடித்த தண்ணீர் தந்தது 4 சதவீதம். நூறு மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அந்த இரண்டு லிட்டரின் கால்சியத்தை ஏறத்தாழ ஒரு பிடிக் கேழ்வரகு மாவு கொடுத்துவிடும். விலையுயர்ந்த மூன்றாவது பாட்டிலில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் இருந்தது. இரண்டு லிட்டருக்கு 120. அதாவது அரை டம்ளர் பால். கனிமத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க இந்தக் கணக்கில் நியாயம் காணோம்.

இதற்கு நேர் எதிரான மற்றொரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. கையடக்க டி.டி.எஸ். கருவியைத் தண்ணீரில் விட்டு, எண் குறைவாக வந்தால் தூய்மை என்று முடிவுகட்டுகிறார்கள். மொத்தக் கரைபொருளின் அளவான அது, சாதாரண அடைக்கப்பட்ட குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இயற்கைக் கனிம நீரில் 150 முதல் 700 வரை இருக்கலாம். ஆனால், அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தும் தன்மையை மட்டுமே. கரைந்த உப்புகள் எவ்வளவு என்பதை அதிலிருந்து மதிப்பிடுகிறது. கிருமி இருப்பதை அது காட்டாது. பூச்சிக்கொல்லி இருப்பதையும் காட்டாது. கழுவாத கேனில் ஊற்றிய, 30 என்ற எண்ணைக் காட்டும் ஆர்.ஓ. நீரைவிட, 300 என்று காட்டும் ஒழுங்கான நீர் பாதுகாப்பானதாக இருக்கலாம்.

கனிமம் சேர்ப்பதே சிக்கலாக முடிந்த கதையும் ஒன்று உண்டு. 2004-இல் கோகோ கோலா நிறுவனம் பிரிட்டனில் டசானி என்ற குடிநீரை அறிமுகப்படுத்தியது. அது லண்டன் அருகே சிட்கப் என்ற ஊரின் குழாய்நீரைச் சுத்திகரித்து அடைத்தது என்பது வெளியானதும் மக்கள் நகைத்தனர். பின்னர்தான் உண்மையான கோளாறு தெரிந்தது. சுவைக்காகச் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு கலந்திருந்தது. கிருமி நீக்கச் செலுத்திய ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றியது. நீண்டகாலம் உட்கொண்டால் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடிய பொருள் அது. சட்ட வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியதால், அவ்வாண்டு மார்ச்சில் சுமார் ஐந்து லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். குழாய்நீரில் குறையில்லை, அதை மேம்படுத்தப் போனதில்தான் குறை.

இந்தக் கதை நம் கடற்கரைக்குத் தொலைவானதல்ல. கடல்நீரில் புரோமைடு இயல்பாகவே உள்ளது. கடற்கரையோர நிலத்தடியில் உவர்நீர் ஊடுருவும்போது அதுவும் உடன் வரும். ஆர்.ஓ. சவ்வு செம்மையாக இயங்கும் வரை பெரும்பகுதி நீங்கிவிடும். சவ்வு தேய்ந்தும் மாற்றப்படாத ஆலையில் ஓசோன் செலுத்தினால் என்ன விளையும் என்பதை டி.டி.எஸ். கருவியும் சொல்லாது, லேபிளும் சொல்லாது. சோதனைக்கூடம்தான் சொல்லும்.

என் வேண்டுகோள் இங்கிருந்துதான் எழுகிறது. ஐ.எஸ்.ஐ. சான்றின் கட்டாயம் நீங்கியபின், ஆய்வுகளின் முடிவுகளாவது மக்கள் கண்ணில் பட வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது என்றால், ஒவ்வோர் ஆலையின் கடைசிச் சோதனை நாளையும் முடிவையும் உரிம எண்ணின் கீழ் இணையத்தில் வெளியிடுவதில் அரசுக்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. புதுச்சேரி போன்ற சிறிய ஆட்சிப் பகுதியில் இதைத் தொடங்குவது எளிது. இருபது லிட்டர் கேனுக்கு, நிரப்பும் ஆலையின் பெயரும் நாளும் பொறித்த மூடி உறை இல்லாமல் விற்பனை இல்லை என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் தெருவில் நின்று நடைமுறைப்படுத்த வேண்டும். ஏனெனில், பாட்டில் வாங்குபவரைவிடக் கேன் வாங்குபவரே எளியவர். அவர் நாள்தோறும் குடிப்பதும் அதையே.

தங்கை மகளுக்கு நான் சொன்ன விடை இது: முத்திரையும் செல்லுபடியாகும் உரிம எண்ணும், தெளிவான ஆலை முகவரியும், அண்மையில் அடைத்த நாளும் உள்ள சாதாரணக் குடிநீரே போதும், வெயில் படாத இடத்தில் வைத்து, திறந்தபின் சில நாள்களில் தீர்த்துவிடு, கால்சியத்துக்குப் பாலும் கேழ்வரகும் சாப்பிடு. அவள் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள். எழுத்து மிகச் சிறியது என்று மட்டும் குறைப்பட்டாள். அந்தக் குறையையும் ஆணையத்தின் கவனத்துக்கு இங்கே பதிவு செய்கிறேன்.